கொக்குவிலில் ஒரு டெங்குக் கொப்பி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் கொக்குவில் சந்தி மூன்று நான்கு கிலோமீற்றர்தான். மழை விட்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது தெருவோர இளநீர் வண்டி. ஒன்று 160 ரூபா என்றார் வியாபாரி. டெங்குக் காலத்தில் விலை ஏறுமா என்று கேட்டேன். "மாரி எண்டா இளநி ஆர் குடிக்கிறது, காய்ச்சல்காரர்தான்" என்றார். ஒரு இளநீரில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னார்: "அரை லீற்றர் தாராளமா வரும்."

எதிரே இருந்த கடையில் அளவுக்கோடு போட்ட ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் ஜக் ஒன்றை 480 ரூபாவுக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, இரண்டு இளநீரை அதற்குள் தனித்தனியே ஊற்றச் சொன்னேன். முதலாவதில் 330 மில்லிலீற்றர் வந்தது. இரண்டாவது கொஞ்சம் பெரிய காய், 410. வியாபாரி ஜக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை, யாரும் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு "இண்டைக்கு நாலு இளநி குடுத்தனாங்கள், ரெண்டு லீற்றர்" என்று ஒரு வீடு கணக்குப் போட்டால், அதில் அரை லீற்றருக்கு மேல் வெறும் நினைப்பு.

நான் அங்கே போனது ஒரு கொப்பியைப் பார்க்க. சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒருவர் டெங்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருக்கிறார், அவர் மனைவி தினமும் குடித்தது, சாப்பிட்டது, சலம் போனது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று நண்பர் சொன்னார். வீட்டில் டெங்குக் காய்ச்சல்காரரைப் பார்த்த எவரையும் கேட்டால் பிளேற்லெற் எண்ணிக்கையைச் சொல்வார்கள். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று கேட்டால் "நல்லாக் குடிச்சவர்" என்பார்கள். அந்த "நல்லா" என்பது எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதி வைத்த வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒழுங்கை முழுக்க வெள்ளம் தேங்கி நின்றது. வேலியோரமாக நடந்து போனேன். வாசலில் வாளிகளும் பூச்சட்டித் தட்டுகளும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அவர் சாய்ந்திருந்தார். 41 வயது, மின்சாமான் கடை வைத்திருக்கிறார். காய்ச்சல் தொடங்கி அன்று பத்தாம் நாள். உள்ளங்கையையும் பாதத்தையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார். கைகால் முழுக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். டெங்கு மாறி வரும்போது வரும் தடிப்பு அது. மனைவி முன்பள்ளி ஆசிரியை. "அண்ணா, கொப்பிதானே பாக்க வந்தனீங்கள்" என்று ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய பக்கங்கள். நேரம், என்ன குடித்தார், எத்தனை மில்லிலீற்றர், சத்தி, சலம், காய்ச்சல் என்று ஆறு நிரல்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "காய்ச்சல் நாள் 2", "காய்ச்சல் நாள் 3" என்று எழுதியிருந்தது. காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாளாக எண்ணுவதுதான் டெங்கில் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. திகதியைவிட இந்த எண் வைத்தியருக்கு உதவும், ஏனென்றால் மூன்றாம் நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் நோய் திசை மாறலாம்.

முதல் நாள் பக்கம் இல்லை. இரண்டாம் நாள் குடும்ப வைத்தியரிடம் போய் என்.எஸ்.1 சோதனையில் டெங்கு என்று தெரிந்த பிறகுதான் கொப்பி தொடங்குகிறது. பக்கத்தின் மேலே வைத்தியர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்: "எடை 62 கிலோ. 24 மணித்தியாலத்துக்கு 2500." இது அந்த வைத்தியர் தன் எண்ணத்துக்குச் சொன்ன கணக்கு அல்ல. இலங்கைச் சுகாதார அமைச்சு வளர்ந்தவர்களின் டெங்குவுக்கென 2012 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பது. எடை 50 கிலோவுக்கு மேல் என்றால் காய்ச்சல் நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர், அதற்குக் குறைந்த எடை என்றால் ஒரு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். 44 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 2200. வாயால் குடிக்கும் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இரண்டாம் நாள் பக்கத்தின் அடியில் 13 கிளாஸ், 2600 என்று கூட்டிப் போட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு மையால் வெட்டி 2080 என்று வேறொரு கையெழுத்து. அது யாருடையது என்று கேட்டேன். "மிஸி அக்கான்ர" என்றார். மூன்று வீடு தள்ளி இருக்கும், ஓய்வுபெற்ற தாதி. சொல்லி வாய் மூடவில்லை, அவரே படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, அந்தக் கிளாஸை எடுத்து வழமையா ஊத்துற மாதிரி தண்ணி ஊத்துங்கோ" என்றார் என்னிடம். வீட்டில் எல்லோரும் குடிக்கும் சாதாரண எவர்சில்வர் கிளாஸ். ஊற்றி, என் புது ஜக்கில் சரித்துப் பார்த்தேன். 160. விளிம்பு தட்ட நிரப்பினால்தான் 200 ஐத் தாண்டும், ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு யாரும் விளிம்பு தட்ட நிரப்பிக் கொடுப்பதில்லை. 13 கிளாஸை 160 ஆல் பெருக்கினால் 2080. அரை லீற்றருக்கு மேல் காகிதத்தில் மட்டும் உள்ளே போயிருந்தது.

கிளாஸோடு தவறு முடியவில்லை. குசினிக்குள் கூட்டிப் போய் ஒரு பெரிய சோடாப் போத்தலைக் காட்டினார் மிஸி. ஒன்றரை லீற்றர் போத்தல். முதலில் ஜீவனிப் பக்கற்றை அதில் கொட்டிப் போத்தல் நிறையத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பக்கற் ஒரு லீற்றருக்கு. உப்பும் குளுக்கோசும் அதற்கேற்ற அளவில்தான் அதற்குள் இருக்கின்றன. ஒன்றரை லீற்றரில் கரைத்தால் மூன்றில் ஒரு பங்கு வலு குறைந்துவிடும். இப்போது அந்தப் போத்தலில் ஒரு லீற்றர் மட்டத்தில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. கொதித்தாறிய தண்ணீரை அந்தக் கோடு வரை விட்டு முழுப் பக்கற்றையும் கொட்டுவது, மேலதிகமாகச் சீனி போடாமல் விடுவது, மறுநாள் மிச்சம் இருந்தால் ஊற்றிவிடுவது. பாதிப் பக்கற்றை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் கரைக்கும் வீடுகள் உண்டாம். தூளில் எது எவ்வளவு விழுந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது.

வெறும் தண்ணீரே குடித்தால் என்ன என்று கேட்டேன். காய்ச்சலில் வியர்வையாலும் சத்தியாலும் உப்பும் சேர்ந்து போகிறது என்றார். தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். தலையிடி, ஓங்காளம், சோர்வு, சில வேளை குழப்பமான பேச்சு. இவை எல்லாம் டெங்குவின் அறிகுறி போலவே இருப்பதால் பலர் இன்னும் கூடத் தண்ணீர் கொடுப்பார்கள். ஆகவே ஜீவனி, கஞ்சி, இளநீர், தோடம்பழச் சாறு, பால் என்று மாறி மாறிக் கொடுத்து, இடையில் கொஞ்சம் தண்ணீர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இளநீர் மட்டும் போதாது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம். இதய நோய் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் 2500 என்ற எண்ணை அப்படியே பொருத்தக்கூடாது, அவர்களை ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். சீனி வருத்தக்காரருக்குப் பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் வைத்தியரிடம் கேட்டுத்தான்.

கஞ்சி எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேட்டபோது மனைவி பாத்திரத்தையே எடுத்துக் காட்டினார். ஒரு கைப்பிடி வெள்ளைப் பச்சையரிசி, ஒரு லீற்றர் தண்ணீர், அரிசி குழைந்து கரையும் வரை மெல்லிய நெருப்பு, அரைத் தேக்கரண்டி உப்பு, இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால். கிளாஸால் உறிஞ்சிக் குடிக்கும் பதம். அப்படிக் குடிப்பதென்றால் நீர்க்கணக்கில் சேரும், கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் அளவு தடிப்பாகிவிட்டால் சாப்பாட்டுக் கணக்கு. சொதியைக் கிளாஸில் குடித்தால் அதுவும் நீர்க்கணக்கு. ஏன் சிவப்பரிசி போடவில்லை? மிஸி பதில் சொன்னார்: "சத்தி எடுத்தா நிறம் குழப்பும்." சிவப்பு, கபில நிறச் சாப்பாடுகளை டெங்கில் விலக்கச் சொல்வது இதற்காகத்தான். பீற்றூட், தக்காளிச் சாறு, நெஸ்டமோல்ற், சொக்லேற் பானம், வெற்றிலை எதுவும் நோயைக் கூட்டுவதில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் சத்தியிலும் மலத்திலும் அதை அடையாளம் காண வேண்டும், அந்த அடையாளத்தை இவை மறைத்துவிடும். அலுமாரியின் மேல்தட்டில் நெஸ்டமோல்ற் பேணி ஒன்று தூசி படிந்து நின்றது. அங்கே ஒதுக்கி வைத்தது இரண்டாம் நாள்.

மீண்டும் விறாந்தைக்கு வந்து மூன்றாம் நாள் பக்கத்தைப் புரட்டினேன். கொப்பியிலேயே அதிகம் எழுதப்பட்ட பக்கம் அதுதான். காலை 6.30 ஜீவனி 160. 7.15 கஞ்சி 200. 7.30 க்கு "பப்பாசி இலைச் சாறு 30" என்று இருந்தது. அடுத்த வரி 7.40, சத்தி, "கஞ்சியும் வந்தது, 180 மட்டில்". யாரோ உறவினர் இடித்துக் கொண்டுவந்து தந்தாராம், பிளேற்லெற் ஏறும் என்று. அந்தப் பக்கத்தில் நான் கண்டது பத்து நிமிட இடைவெளியும் வெளியே வந்த கஞ்சியும்தான். அதற்குப் பிறகு சாறு எந்தப் பக்கத்திலும் இல்லை. பிளேற்லெற் பற்றிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த இரத்தப் பரிசோதனை ரிப்போட்டுகளைப் பார்த்தேன். தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த முழுக் குருதிச் சோதனைக்கு 400 ரூபா பில் கூட ஊசி குத்தியிருந்தது. மூன்றாம் நாள் 148,000. நாலாம் நாள் 94,000. ஆறாம் நாள் 21,000 வரை இறங்கியது. எட்டாம் நாள் எந்தச் சாறும் இல்லாமல் தானாக 67,000. டெங்கில் அது இறங்கி ஏறும் இயல்பான பாதை இது.

சத்திக்குப் பிறகு அன்று பகல் அவரால் குடிக்க முடியவில்லை. கிளாஸைக் கண்டாலே ஓங்காளம். இரவு எட்டு மணிக்குக் கூட்டிப் பார்த்தபோது 1480 தான். மிஸி வந்து கிளாஸை எடுத்து ஒளித்துவிட்டு, 50 மில்லிலீற்றர் பிடிக்கும் பாணி மருந்துக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கால் மணித்தியாலத்துக்கு ஒரு கிண்ணம், கரண்டி கரண்டியாக. ஒரு மணித்தியாலத்தில் 200. குடிப்பவருக்கு அது குடித்தது போலவே தெரியாது. பக்கத்தில் எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை "50, 50, 50" என்று ஒரு தூண் போல இறங்குகிறது, ஓரிடத்தில் நித்திரை என்று எழுதி விட்டிருக்கிறது. மூன்று மணித்தியாலத்தில் 550. இரவு இரண்டு மணிக்கு 150, அதிகாலை ஐந்துக்கு 130. மொத்தம் 2310. வெளியே வந்த 180 ஐக் கழித்தால் 2130. இலக்குக்குக் கொஞ்சம் குறைவு.

குறைவு என்றால் ஆபத்தா? அதைச் சொல்வது பக்கத்து நிரல். சலம். அதற்கும் ஒரு போத்தலின் கழுத்தை வெட்டி, வெளியே அளவு கீறிக் கொடுத்திருந்தார் மிஸி. அன்று நான்கு முறை: 250, 210, 180, 160. கூட்டினால் 800. 24 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 33. ஒரு கிலோ எடைக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றராவது போக வேண்டும் என்பது கணக்கு. 62 கிலோவுக்கு 31. மயிரிழையில் தப்பியிருக்கிறார். எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருவதும் நிறம் கடுமஞ்சள் என்று ஓரத்தில் எழுதியிருப்பதும் தெரிந்தது. குடித்தது போதுமா என்பதற்கு உடம்பு தரும் பதில் இந்த நிரலில்தான் இருக்கிறது. இதை எழுதாமல் குடித்ததை மட்டும் எழுதுவது பாதிக் கொப்பி.

அளக்கக் கூச்சப்படுகிறவர்கள் நேரத்தையாவது எழுத வேண்டும் என்றார் மிஸி. ஆறு மணித்தியாலம் சலம் போகவில்லை என்றால் அது போதும், கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக.

காய்ச்சல் நிரலில் மருந்தும் எழுதியிருந்தது. பரசிற்றமோல் இரண்டு வில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் இல்லை. காய்ச்சல் இறங்காததால் ஒரு இரவு ஐந்தாம் தடவையும் கேட்டிருக்கிறார், மனைவி கொடுக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். உடம்புவலிக்கென்று டைக்ளோபெனாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட் எதையும் தொடவில்லை. இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

நாலாம் நாள் பக்கம் நடுப்பகலோடு முடிகிறது. பிளேற்லெற் ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்ததும் வைத்தியர் அனுப்பிவிட்டார். வெளிநோயாளர் பகுதியில் இருந்த இளம் வைத்தியர் கொப்பியை வாங்கி மூன்று பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியையே பார்த்தாராம். அடுத்த மூன்று பக்கங்கள் வெறுமை. "ஐஞ்சும் ஆறும் ஏழும் இதில இல்லை அண்ணா. அங்க அவையள்தான் எழுதினவை" என்றார் மனைவி. அந்த நாட்களில் என்ன எழுதினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. மாலை நோயாளர் பார்வை நேரத்தில் தன்னோடு வரச் சொன்னார் மிஸி. அவருடைய மருமகன் முறையான பொடியன் ஒருவனும் டெங்கோடு அங்கே படுத்திருந்தான்.

அதற்குள் மத்தியானமாகிவிட்டது. வீட்டுக்காரர் சாப்பிடுவதை இருந்து பார்த்தேன். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் மீண்டும் தொடங்கும் பக்கங்களில் கோடு வேறு விதமாக இருக்கிறது. மில்லிலீற்றர் நிரல் சுருங்கி, சாப்பாட்டு நிரல் அகன்றிருக்கிறது. "2500" என்ற எண் எங்கும் இல்லை. தாகத்துக்குக் குடிப்பது மட்டும். எட்டாம் நாள் சலம் 2400 என்று இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன், குடித்தது 1500 தான். மிஸி சிரித்தார். "உள்ளுக்க ஒழுகின தண்ணி திரும்பி வருது தம்பி. இப்பவும் ரெண்டரை லீற்றர் ஏத்தினா மூச்சு முட்டும்."

எட்டாம் நாள் காலை: இடியப்பம் 2, சொதி. மத்தியானம்: குழையச் சோறு ஒரு அகப்பை, பருப்பு. இரவு: பாண் ஒரு துண்டு, பால். பாதி மிச்சம். ஒன்பதாம் நாள் இடியப்பம் 4, அவித்த முட்டை 1, மத்தியானம் சோறு இரண்டு அகப்பை, மீன் ஒரு துண்டு. பத்தாம் நாள் எனக்கு முன்னால்: வெள்ளைச் சோறு, ஒட்டி மீன் சொதி, பருப்பு, கொஞ்சம் தயிர், முருங்கையிலை வறை. மிளகாய்த்தூள் கறி இல்லை, பொரியல் இல்லை. டெங்கில் ஈரலும் வீங்குவதால் எண்ணெயும் உறைப்பும் போனால் வயிறு புரட்டும். மதுவை இன்னும் சில வாரம் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கொப்பியின் ஓரத்தில் எடை: வீட்டுக்கு வந்த நாள் 61, இப்போது 59.5. சலமாகப் போன தண்ணீர் பாதி, வாடிய தசை பாதி இருக்கும். தசையைத் திரும்பக் கொண்டுவர முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நிறைய இறங்காது. அதனால் காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் சின்னதாக இரண்டு சாப்பாடு சேர்த்திருக்கிறார் மனைவி: அவித்த உழுந்தங்களி ஒரு கிண்ணம், வாழைப்பழமும் பாலும். எழுதிய எழுத்தைப் பார்த்தால் எந்த நேரத்தில் மிச்சம் வைக்கிறார் என்பது தெரிகிறது. இரண்டு நாளும் இரவுச் சாப்பாட்டில்தான். அதனால் முட்டையைக் காலைக்கு வைத்துவிட்டார். கடைக்கு எப்போது போகலாம் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். விறாந்தையிலிருந்து கிணற்றடி வரை, இருபது அடி இருக்காது, நடந்து வந்து இருந்தபோது மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். இந்தக் களைப்பு சில வாரம் இருப்பது வழமை.

மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி. டெங்கு விடுதியில் கட்டில்கள் எல்லாம் நுளம்பு வலைக்குள் இருந்தன. தாதியர் மேசைக்கு அருகில் இருந்த ஆறு கட்டில்களின் கால்மாட்டில் மட்டும் பெரிய தாள்கள் தொங்கின. கிட்டப் போய்ப் பார்த்தேன். கொக்குவில் கொப்பியின் அதே நிரல்கள், ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு வரி. வாயால் எவ்வளவு, சேலைன் எவ்வளவு, சலம் எவ்வளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம். பி.சி.வி. என்ற ஒரு நிரல் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு அது. நம்மவருடைய பி.சி.வி. மூன்றாம் நாள் 41, ஐந்தாம் நாள் 49. சிவப்பணு கூடவில்லை, கூட இருந்த நீர்தான் குழாயை விட்டு வெளியே போய் இரத்தம் தடித்துவிட்டது. டெங்கு முற்றும்போது இரத்தக் குழாயின் சுவர் வடி போல ஆகிவிடுகிறது, நீர் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் வடிகிறது. பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் இது தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடித்து, தானாக நிற்கும்.

விடுதியில் நின்ற வைத்தியரிடம் அந்த இரண்டு நாளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். வளர்ந்தவருக்கு 4600 மில்லிலீற்றர் என்றார். சேலைனும் வாயால் குடிப்பதும் எல்லாம் சேர்த்து, 48 மணித்தியாலத்துக்கும் அவ்வளவுதான். எடை 62 ஆக இருந்தாலும் கணக்கு 50 கிலோவுக்கே போடுவார்கள். கணக்கையும் சொன்னார். ஒரு நாள் சாதாரணத் தேவை 2100, உடம்பெடையின் ஐந்து வீதம் 2500, கூட்டினால் 4600. என் கையில் இருந்த காகிதத்தில் வேறொரு கணக்குப் போட்டேன். வீட்டில் காய்ச்சல் நாட்களில் குடிக்கச் சொன்ன அளவிலேயே இரண்டு நாள் போனால் 5000. நோய் மிக ஆபத்தான இரண்டு நாளில் கொடுப்பது அதைவிடக் குறைவு. அதையும் சமமாகப் பிரிப்பதில்லை. தாளில் பார்த்தால் முதலில் மணித்தியாலத்துக்கு 50 அளவில் தொடங்கி, கசிவு உச்சமாகும்போது ஏறி, பிறகு இறங்குகிறது. சலம் மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லிலீற்றர் போனால் திருப்தி. ஒன்றைத் தாண்டினால் கூடக் கொடுத்துவிட்டோம் என்று குறைப்பார்கள். ஏனென்றால் கூடக் கொடுத்தது உள்ளேதான் வடியும். சுவர் அடைபட்டதும் அத்தனையும் ஒரேயடியாக இரத்தத்துக்குத் திரும்பி வந்து நுரையீரலை நிரப்பும்.

அந்த நேரம் மூன்றாவது கட்டிலில் ஒரு தாய் மகனுக்கு இளநீர்ப் போத்தலை வாயில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை களைத்துக் கிடக்கிறான் என்று அவருக்கு. தாதி வந்து போத்தலை வாங்கினார், கோபமில்லாமல். "அம்மா, எவ்வளவு குடுத்தனீங்கள்?" தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. போத்தலில் மிச்சத்தை அளந்து, 200 என்று அந்த மணித்தியாலத்து வரியில் எழுதி, அடுத்த மணித்தியாலத்துச் சேலைன் வேகத்தை வைத்தியரிடம் கேட்டுக் குறைத்தார். எழுதாமல் போயிருந்தால் அந்த 200 யாருக்கும் தெரியாமல் கணக்குக்கு வெளியே நின்றிருக்கும்.

நான்கு கட்டில் தள்ளி மிஸியின் மருமகன். காய்ச்சல் நாலாம் நாள். தாள் தொங்கவில்லை, ஆனால் தலையணைக்கு அடியில் ஒரு கொப்பி இருந்தது. மிஸி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு சலம் எழுதப்படவில்லை என்று கண்டார். மணி ஐந்தரை. பொடியனை எழுப்பிக் கேட்டார், மூன்றரைக்குப் போனதாம், எழுத மறந்துவிட்டானாம். பேனையைக் கையில் கொடுத்து அப்போதே எழுத வைத்தார்.

2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு பதிவானது. அவ்வளவு பேருக்கும் தாதியர் மேசைக்கு அருகில் கட்டில் கிடையாது, பெரும்பாலானோருக்குத் தேவையும் இல்லை. அவர்கள் வீட்டில்தான் மாறுகிறார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் தொடங்கினால் அன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, "காய்ச்சல் நாள் 1" என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கிளாஸை ஒருமுறை அளந்து அதன் அளவை முதற்பக்கத்தில் குறியுங்கள். குடித்ததையும் சலம் போனதையும் நேரம் போட்டு எழுதுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்ட அன்று கொப்பியை மூடாதீர்கள், கட்டாய இலக்கு வைத்துத் தண்ணீர் ஏற்றவும் வேண்டாம். காய்ச்சல் விட்டும் ஆள் சோர்ந்தால், வயிறு கடுமையாக வலித்தால், கைகால் குளிர்ந்தால், குடித்தது எல்லாம் சத்தியாக வந்தால், எங்காவது இரத்தம் கசிந்தால், மாதவிடாய் வழமைக்கு மிஞ்சிப் போனால், ஆறு மணித்தியாலம் சலம் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள்.